கல்லாவுல குறைஞ்சது, வாயில கூடுனது

வா தாயீ, உட்காரு. அந்தப் பக்கம் வெயில் ஏறுது, இந்தத் தூணோரமா வா. உங்க அப்பத்தா காப்பி கொண்டாரதுக்குள்ள நேத்து ராத்திரிப் பஞ்சாயத்தைப் பேசி முடிச்சிருவோம். ராத்திரி பத்தே காலுக்குப் போன் அடிக்குது. இந்நேரத்துல அடிச்சா எவனோ மண்டையைப் போட்டுட்டான்னு அர்த்தம். பதறி எடுத்துப் பாத்தா, மண்டையைப் போட்டது உங்க ரெண்டாம் நம்பர் கவுன்டர்.

“தாத்தா, கல்லாவுல 1,350 ரூவா குறையுது. மேனேஜருக்கு வாட்ஸப்ல எழுதி வச்சிருக்கேன், அனுப்பவா?”ன்னு கேட்ட பாரு, அந்த ‘அனுப்பவா’ உன்னைக் காப்பாத்துச்சு. அதை வாசிச்சுக் காட்டுன்னேன். நீ வாசிச்சது எனக்கு இன்னும் மனப்பாடமா இருக்கு. வயசானவனுக்குச் சாப்பிட்ட மாத்திரை மறக்கும், இந்த மாதிரி இலக்கியம் மறக்குமா?

“சார், ரெண்டாவது கவுன்டர்ல 1,350 ஷார்ட். மதியத்துக்கு மேல புதுசா வந்த பொண்ணுதான் இருந்தா. 9 மணிக்கே அவசரமா கிளம்பிட்டா. நான் யாரையும் சந்தேகப்படலை. எதுக்கும் 4 மணியில இருந்து கேமரா பாத்திருங்க சார்.”

அஞ்சு வாக்கியம். முதல் வாக்கியம் கணக்கு. மிச்ச நாலும் குழாயடி. அதுலயும் அந்த நாலாவது இருக்கே, ‘யாரையும் சந்தேகப்படலை’, அதை நினைச்சு நினைச்சு ராத்திரி சிரிச்சேன். எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு சொன்னவன் உனக்கு என்ன முறை வேணும்? சந்தேகம் இல்லாத இடத்துல சந்தேகம்ங்கிற சொல்லுக்கு என்ன வேலை? மேனேஜர் பாட்டுக்கு ஏதோ கூட்டல் தப்புன்னு நினைச்சுக்கிட்டுத் தூங்கியிருப்பாரு. நீ அந்தச் சொல்லைக் கொண்டுபோய் அவரு தலைமாட்டுல வச்சிருப்ப.

கோவிச்சுக்காத. நீ சூப்பர்வைசர் ஆகி மூணு வாரந்தான் ஆகுது. நான் விருதுநகர்ல வத்தல் கமிஷன் கடையில கணக்கு எழுதி முப்பது வருசம் பாத்தவன். உங்க கடையில கம்ப்யூட்டரு, எங்க கடையில சிட்டையும் பேரேடும். ஆனா சாயங்காலம் கல்லா குறைஞ்சா எல்லாரும் எல்லார் மூஞ்சியையும் பாக்குற பார்வை இருக்கே, அது அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான்.

முதல்ல அந்த ‘தான்’. ‘புதுசா வந்த பொண்ணு இருந்தா’ன்னு எழுதுனா அது தகவல். ‘பொண்ணுதான் இருந்தா’ன்னு எழுதுனா அது தீர்ப்பு. ரெண்டெழுத்து தாயீ. தமிழ்ல வக்கீல், சாட்சி, போலீஸ் மூணு பேரு செய்யிற வேலையை இந்த ‘தான்’ ஒத்தை ஆளா செஞ்சிரும். அதோட தம்பிகளும் உண்டு. ‘மட்டும்’னு ஒருத்தன். ‘அவ மட்டும் இருந்தா’. ‘கூட’ன்னு ஒருத்தன். ‘அவகூட அங்க நின்னா’ன்னு சும்மா சொன்னாலே, நிக்கக் கூடாத இடத்துல நின்னாளோன்னு தோணும். ‘ஆம்’னு ஒருத்தன் இருக்கான், அவன் ரொம்ப மோசம். ‘அவசரமா கிளம்பினாளாம்’. யாரு சொன்னதுன்னு கேட்டா ஆள் கிடையாது, பழி மட்டும் வந்து நிக்கும். எழுதி முடிச்சதும் தாளைக் கையில எடுத்து இந்தப் பயலுகளை மட்டும் தேடு. வரிசையா அடிச்சுட்டுப் போ. ‘புதுசா வந்த’வையும் சேர்த்து அடி. பழசா வந்தவங்க கையில காசு ஒட்டாதுன்னு எந்த ஊர்ல எழுதி வச்சிருக்கு?

அடுத்தது, வாக்கியத்தை அடுக்குற விதம். ‘அவசரமா கிளம்பிட்டா’ன்னு எழுதி, அதுக்குப் பக்கத்துலயே கல்லா குறைஞ்சதையும் வச்சா, நீ ஒண்ணுமே சொல்ல வேண்டாம். காக்கா உக்காந்துருச்சு, பனம்பழம் விழுந்துருச்சு, படிக்கிறவன் ரெண்டையும் தானே கோத்துக்குவான். அந்தப் புள்ள எதுக்கு 9 மணிக்குக் கிளம்புனான்னு உன்னைக் கேட்டேன். அவ ஊருக்குக் கடைசி டவுன் பஸ் 9.10-க்குன்னு சொன்ன. தினமும் அப்படித்தான் போறாளான்னேன். ஆமான்னு முனங்குன. அனுமதி கொடுத்தது யாருன்னேன். போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. சிக்னல் போயிருச்சோன்னு பாத்தேன்.

அதுக்கடுத்து நான் கேட்டது உனக்கு ரொம்பப் பிடிக்கலை. கடை மூடுறது 9.30-க்கு. அவ 9 மணிக்குப் போயிட்டா. மிச்ச அரை மணி நேரம் அந்த ஸ்டூல்ல உக்காந்து பில் போட்டது யாரு? “நான்தான் தாத்தா”ன்ன. பாத்தியா, அந்த இடத்துல ‘தான்’ எவ்வளவு அழகா வந்து உக்காருது. ஆனா அந்த ‘தான்’ உன் மெசேஜுல இல்லையே. மதியத்துக்கு மேல அவளை எழுதுன கை, 9 மணிக்கு மேல உன்னை எழுத மறந்துருச்சு.

சரி, எழுதுறதைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி எண்ணுறதைப் பேசணும். உன்னை ராத்திரி மறுபடியும் எண்ண வச்சேன்ல, அது எதுக்குன்னு இப்பச் சொல்றேன். நீ எப்படி எண்ணியிருந்த? முதல்ல கம்ப்யூட்டர்ல இசட் ரிப்போர்ட் எடுத்துப் பாத்து, 15,700 இருக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் நோட்டைக் கையில எடுத்திருக்க. அது தப்பு. இருக்க வேண்டிய தொகை மனசுல உக்காந்துட்டா, விரலு அதை நோக்கியே எண்ணும். கிட்டத்தட்ட வந்துட்டா சரியாத்தான் இருக்கும்னு விட்டுரும், வரலைன்னா பதட்டத்துல ரெண்டு நோட்டை ஒண்ணா எண்ணும். அதனாலதான் முதல் மாடி ஜவுளிப் பிரிவுல இருந்த அந்த அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். அவங்களுக்கு 15,700-ம் தெரியக் கூடாது, நீ எண்ணுன 14,350-ம் தெரியக் கூடாது. அவங்க எண்ணித் தாள்ல எழுதுன பிறகு நீ உன் தாளை எடுத்து வச்சுப் பாக்கணும்.

அவங்க எழுதுனது: 500 ரூவா நோட்டு 21, 200 ரூவா 9, 100 ரூவா 13, 50 ரூவா 7, 20 ரூவா 12, 10 ரூவா 11, சில்லறை 50 ரூவா. கூட்டுனா 14,350. உன் எண்ணிக்கையும் அதே. ஆக எண்ணுறதுல தப்பில்லை. இந்த ஒரு காரியத்தால நீயும் தப்பிச்ச. ஒத்தையில எண்ணி ஒத்தையில குறையுதுன்னு சொல்ற ஆளை, நாளைக்கு யாரும் ‘இவ எண்ணும்போது எங்க போச்சு’ன்னு கேக்கலாம் பாரு.

இருக்க வேண்டிய தொகை சரியான்னு அடுத்துப் பாத்தோம். காலையில போட்ட சில்லறை 3,000. அன்னைக்கு ரொக்க விற்பனை 48,260. திருப்பிக் கொடுத்த சாமானுக்குக் கொடுத்த ரொக்கம் 340. சாமி படத்துக்குப் பூ, டீ, வவுச்சர் போட்டு எடுத்தது 220. சாயங்காலம் 4 மணிக்கு முதலாளியோட மச்சினன் வந்து லாக்கருக்கு எடுத்துட்டுப் போனது 35,000. கூட்டிக் கழிச்சா 15,700. அதுலயும் தப்பில்லை. அந்த 35,000-க்கு அவரு கையெழுத்து இருக்கான்னு கேட்டேன், இருக்குன்ன. நல்லது. பெரிய ஆளுக கல்லாவுல கைய விட்டுட்டு, கையெழுத்தை மட்டும் மறந்துட்டுப் போவாங்க. சாயங்காலம் சின்ன ஆளுக முழிக்கணும்.

இந்தக் கட்டத்துல பொதுவா எல்லாரும் என்ன செய்வாங்க? ஆள் தேட ஆரம்பிப்பாங்க. நான் உன்னை ரெண்டு இடத்துல காசு தேடச் சொன்னேன். ஒண்ணு, பக்கத்துக் கவுன்டர். மதியம் ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு 500 ரூவாய்க்குச் சில்லறை மாத்தியிருப்பாங்க, ஒரு பக்கம் கொடுத்துட்டு மறுபக்கம் வாங்க மறந்திருப்பாங்க. அப்படியிருந்தா ஒண்ணாம் நம்பர்ல அதே தொகை கூடி நிக்கும். பாத்த. ஒண்ணாம் நம்பர்ல 2 ரூவா கூடுதல், அம்புட்டுத்தான். அது இல்ல.

ரெண்டாவது, இந்தக் காலத்துக் கதை. ஜிபே, போன்பே, உங்க யூபிஐ கணக்கு. கம்ப்யூட்டர்ல அந்தக் கவுன்டருக்கு யூபிஐ விற்பனை 31,480-ன்னு காட்டுச்சு. அந்தக் கவுன்டர் கியூஆர் அட்டைக்கு வந்து சேர்ந்த பணம் கடை ஆப்புல எவ்வளவுன்னேன். 32,380-ன்ன. 900 ரூவா கூட வந்திருக்கு. ஆப்புல வரிசையாத் தேடுனா, 6.20-க்கு ஒரு 900 ரூவா. அதே நேரத்துப் பில்லைப் பாத்தா 900 ரூவா, ரொக்கம்னு பதிஞ்சிருக்கு. வாங்குனவரு முதல்ல ரொக்கம்னு சொல்லியிருப்பாரு, பில் போட்ட பிறகு பையைத் தடவிட்டுப் போனை நீட்டியிருப்பாரு. பணம் பேங்குக்குப் போயிருச்சு, கம்ப்யூட்டர் அதைக் கல்லாவுல தேடுது. 1,350-ல 900 வீட்டுக்கு வந்துருச்சு. நீ மட்டும் பத்தேகாலுக்கு அந்த மெசேஜை அனுப்பியிருந்தா, பேங்குல பத்திரமா இருக்குற 900 ரூவாய்க்கும் சேர்த்து அந்தப் புள்ள திருடியாயிருப்பா.

மிச்சம் 450. இங்கதான் நீ துள்ளுன. “தாத்தா, 450-ன்னா 50 ரூவா நோட்டுன்னு நினைச்சு 500 ரூவா நோட்டை மீதி கொடுத்திருப்பா!” புத்திசாலி. நான் சொல்லிக் கொடுத்த ஒன்பது வித்தைதான் அது. வித்தியாசம் ஒன்பதால மீதியில்லாம வகுபட்டா, ஒரு சைபர் கூடியோ குறைஞ்சோ போயிருக்கலாம், இல்லாட்டி ரெண்டு எண்ணு இடம் மாறியிருக்கலாம். 500-க்கும் 50-க்கும் நடுவுல 450. 200-க்கும் 20-க்கும் நடுவுல 180. அதுலயும் இப்ப வந்த 20 ரூவா பச்சை கலந்த மஞ்சள், 200 ரூவா பளிச்சுன்னு மஞ்சள். ராத்திரி லைட்டுல அவசரமா மீதி கொடுக்கும்போது ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரித் தெரியும். ஆக, ஒன்பது நல்ல வித்தை. எங்க தேடணும்னு காட்டும்.

ஆனா அதைத் தாள்ல எழுதலாமா? எழுதக் கூடாது தாயீ. இந்த இடத்துலதான் நல்லவங்களே சறுக்குறாங்க. ‘மீதி கொடுக்கும்போது தவறுதலாக 500 ரூபாய் போயிருக்கலாம்’னு எழுதுனா, பாக்குறதுக்கு இரக்கமாத்தான் இருக்கும். திருடுனான்னு சொல்லலையே, தவறுன்னுதானே சொன்னேன்னு மனசைத் தேத்திக்கலாம். ஆனா மீதி கொடுக்குறது யாரு? கவுன்டர்ல இருக்குற ஆளு. காரணத்தை ஊகிச்சு எழுதுனாலே ஆளையும் சேர்த்து எழுதுன மாதிரிதான். 450-ங்கிறது அந்த ஒரு வழியிலதான் வரணும்னு இருக்கா? காலையில போட்ட 3,000-மே 2,550-ஆ இருந்திருக்கலாம், யாரும் எண்ணிப் பாக்காம வாங்கியிருக்கலாம். லாக்கருக்குப் போன 35,000-ல ஒரு 500 ஒட்டிக்கிட்டுப் போய், வேற ஏதோ 50 தடுமாறியிருக்கலாம். தெரியாதுங்கிறதுக்குத் தாள்ல இருக்க வேண்டிய சொல்லு ‘காரணம் தெரியவில்லை’. ரெண்டு சொல்லு. அதுக்கு மேல ஒரு புள்ளி வச்சாலும் அது ஊகம்.

இதைச் சொல்லும்போது எனக்கு 1974-ல நடந்தது ஞாபகம் வருது. உங்க அப்பத்தா வராளான்னு பாரு. வரலையே? அவகிட்டகூட இதைச் சொன்னதில்ல. அப்ப நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருசம். ஒரு சாயங்காலம் கல்லாவுல 90 ரூவா குறையுது. அன்னைக்கு 90 ரூவாங்கிறது லேசுப்பட்ட பணமில்ல. கடையில எடுபிடியா ஒரு பையன், தண்ணி கொண்டாருவான், மூட்டைக்கு நம்பர் போடுவான். முதலாளி என்ன ஆச்சுன்னு கேட்டாரு. நான் ஒண்ணும் பொய் சொல்லலை. “சாப்பிடப் போகும்போது பையந்தான் கடையில இருந்தான்”னேன். நிசந்தான், அவந்தான் இருந்தான். முதலாளி அவனை ஒரு சொல்லும் திட்டலை. சாயங்காலம் டீ வாங்கக் காசு கொடுக்கும்போது எண்ணிக் கொடுத்தாரு. மறுநாளும் எண்ணிக் கொடுத்தாரு. மூணாம் நாளு பையன் வரலை.

அஞ்சாம் நாளு சிட்டையில இருந்து பேரேட்டுக்கு ஏத்தும்போது பாக்குறேன், வத்தல் வித்த ரொக்கம் 450 வந்ததை நான் 540-ன்னு எழுதி வச்சிருக்கேன். என் கையெழுத்து. என் மை. வராத 90 ரூவாயைக் கல்லாவுல தேடியிருக்கோம். முதலாளிகிட்ட எப்படிச் சொன்னேன் தெரியுமா? “அந்த 90 ரூவா கணக்கு நேராயிருச்சுங்க. எழுத்துல ஒரு வித்தியாசம் ஏற்பட்டிருந்தது”ன்னேன். ஏற்பட்டிருந்தது! யாரு எழுதுனது, யாருக்குக் கண்ணு தெரியலைன்னு ஒரு சொல்லு இல்ல. ஆளைக் காட்டாமப் பேசுறது எப்படின்னு எனக்கு அன்னைக்குத் தானா வந்துச்சு. யாரும் சொல்லிக் கொடுக்கலை. அஞ்சு நாளு முன்னாடி அது எங்க போச்சுன்னு கேக்காத, காப்பி வந்துரும்.

சரி, அந்தத் தாளுக்கு வருவோம். நேத்து ராத்திரி கடைசியில நீ அனுப்புனதை நான் ஒரு வாத்தியார் மாதிரித் திருத்திக்கிட்டே இருந்தேன். மணி பத்தே முக்கால் ஆச்சு. நீ அனுப்புனது இதுதான்:

“இரண்டாம் கவுன்டர், இன்றைய முடிவுக் கணக்கு. கணினிப்படி இருக்க வேண்டிய ரொக்கம் ரூ.15,700. இருவர் தனித்தனியாக எண்ணியதில் இருப்பது ரூ.14,350. மாலை 6.20 பில் ரூ.900 ரொக்கமாகப் பதிவாகியுள்ளது. அதே தொகை அதே நேரத்தில் யூபிஐயில் வந்துள்ளது. அதைத் திருத்தினால் வித்தியாசம் ரூ.450 குறைவு. காரணம் தெரியவில்லை. வவுச்சர்கள் பார்க்கப்பட்டன, அவை சரி. ஒன்றாம் கவுன்டரில் ரூ.2 கூடுதல். காலை வைத்த ரூ.3,000-ம், லாக்கருக்குச் சென்ற ரூ.35,000-ம் இன்னும் எண்ணிச் சரிபார்க்கப்படவில்லை. கல்லா இன்று ஐந்து பேர் கையில் இருந்தது. நேரவாரியாகப் பட்டியல் இணைப்பில், என் பெயர் உட்பட. கை மாறிய எந்த நேரத்திலும் ரொக்கம் எண்ணப்படவில்லை. ரொக்கம், இசட் ரிப்போர்ட், எண்ணிக்கைத் தாள் இரண்டும் பையில் இட்டு ஒட்டி லாக்கரில் வைக்கப்பட்டுள்ளன. கடை திறந்ததிலிருந்து மூடியது வரையிலான கேமரா பதிவை அழியாமல் வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

இதுல சில இடத்தைப் பாரு. ‘குறைவு’ன்னு இருக்கு. ‘காணோம்’னு இல்ல, ‘எடுக்கப்பட்டுள்ளது’ன்னு இல்ல. குறையுறது தானா நடக்குற வினை. மழை குறையுது, பால் குறையுது, அந்த மாதிரி. ‘எடுக்கப்பட்டது’ன்னா எடுத்த கை ஒண்ணு வாசக்கதவுக்குப் பின்னால நிக்குதுன்னு அர்த்தம். பேர் சொல்லலை, ஆனா கையைக் காட்டியாச்சு. ‘கையாடல்’னு ஒரு சொல்லு ஆபீஸ்காரங்க வச்சிருக்காங்க, அது விசாரணை முடிஞ்ச பிறகு அவங்க எழுதுற சொல்லு, எண்ணி முடிச்ச நீ எழுதுற சொல்லு இல்ல.

பேர் பட்டியலைப் பத்தி நீ கேட்ட. “ஆளைக் காட்டக் கூடாதுன்னுட்டு அஞ்சு பேரை எழுதச் சொல்றீங்களே தாத்தா?” ஒருத்தர் பேரை எழுதுனா விரல் நீட்டுறது. கல்லாவைத் தொட்ட எல்லார் பேரையும், கடை திறந்ததுல இருந்து நேர வரிசையில எழுதுனா அது வருகைப் பதிவேடு. காலையில இருந்தவ, மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு மாத்தி உக்காந்தவ, 2 மணியில இருந்து 9 வரைக்கும் இருந்தவ, 4 மணிக்குப் பணம் எடுத்த முதலாளி மச்சினன், கடைசி அரை மணி நேரம் நீ. அஞ்சு. மச்சினன் பேரை எழுதக் கை நடுங்குச்சுன்னு எனக்குத் தெரியும். பெரியவங்க பேரை விட்டுட்டுச் சின்னவங்க பேரை மட்டும் எழுதுனா, அதுவும் ஒரு ‘தான்’தான்.

கேமராவுக்கும் இதே கதைதான். ‘4 மணியில இருந்து பாருங்க’ன்னு எழுதுன. 4 மணிக்கு மேல யாரு இருந்தாங்கிறது எல்லாருக்கும் தெரியும். நேரத்தைச் சொல்லியே ஆளைச் சொல்லலாம். முழு நாளையும் கேளு. அதையும் சீக்கிரம் கேளு, ஏன்னா அந்தப் பெட்டி கொஞ்ச நாள்ல பழசை அழிச்சு அது மேலயே புதுசை எழுதிக்கும்.

இன்னொண்ணு, எங்க அனுப்புறதுங்கிறது. நீ எழுதி வச்சது கடை குரூப்பிலன்னு நான் கேட்டுத்தான் தெரிஞ்சுது. நல்ல வேளை! குரூப்புல 32 பேரு. ‘ரெண்டாம் கவுன்டர்’ங்கிற வார்த்தையே அங்க ஒரு பேரு. யாரு அங்க உக்காருறான்னு வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். மேனேஜருக்குக் கவுன்டர் நம்பர் வேணும், அது இல்லாம அவரு எதையும் தேட முடியாது. குரூப்புக்கு அது தேவையில்ல. அங்க எழுதணும்னா, ‘நாளையிலிருந்து கை மாறும்போது எல்லாக் கவுன்டரிலும் எண்ணிக் கொடுக்கவும்’னு எழுது, போதும். அதையும் இன்னைக்கே எழுதாத, ரெண்டு நாள் கழிச்சு எழுது. இன்னைக்கு எழுதுனா ஏன்னு தோண்டுவாங்க.

காலையில மேனேஜர் கூப்பிட்டுக் கேப்பாரு. “தாள் இருக்கட்டும்மா, நீ யாருன்னு நினைக்கிற?” இதுதான் சோதனை. மனுசன் குரலைத் தணிச்சுக் கேப்பாரு, உன்னை நம்புற மாதிரி இருக்கும், உனக்கும் பேசத் தோணும். “எனக்குத் தெரிஞ்சது அவ்வளவும் தாள்ல இருக்கு சார், அதுல நானும் இருக்கேன்”னு சொல்லிட்டு நிறுத்திக்க. அதுக்கு மேல மௌனமா இருந்து மூக்கை உறிஞ்சாத. ஒரு பெருமூச்சு விட்டாலும் அவரு அதை ஒரு பேரா எடுத்துக்குவாரு.

நீ கண்ணால எதையாவது பாத்திருந்தா விசயம் வேற. ஒருத்தர் நோட்டை மடிச்சு ஜேபியில வச்சதை நேரே பாத்திருந்தா, அதை மறைக்கச் சொல்லி நான் சொல்லலை. அது வேற தாளு. எத்தனை மணிக்கு, எங்க நின்னு பாத்த, எதைப் பாத்த, அம்புட்டு மட்டும், மேனேஜர் கையில நேரா. குறைவுத் தாளோட அதைச் சேர்த்து ஒட்டக் கூடாது. பாத்தது ஒரு நோட்டா இருக்கும், குறைஞ்சது வேற நோட்டா இருக்கும்.

அந்தப் புள்ள சம்பளத்துல பிடிச்சிருவாங்களோன்னு நீ கேட்ட. கடையில வழக்கமா என்ன செய்வாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா 1936-ல வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டத்துலயே இதுக்கு ஒரு வேலி போட்டிருந்தாங்க. பணம் அவங்க பொறுப்புல இருந்திருக்கணும், அவங்க கவனக்குறைவாலயோ தப்பாலயோதான் நேரா அந்த நட்டம் வந்திருக்கணும், பிடிக்கிறதுக்கு முன்னாடி அவங்க பக்கத்துக் காரணத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்கணும், குறைஞ்சதுக்கு மேல பிடிக்கவும் கூடாது. 2019-ல போட்ட ஊதியத் தொகுப்பும் காரணம் சொல்ல விடணும்னுதான் சொல்லுது. அஞ்சு கை மாறி, ஒரு தடவைகூட எண்ணாத கல்லாவுல ‘உன்னாலதான்’னு சொல்ல எதை வச்சுச் சொல்லுவாங்க? அதனாலதான் ‘கை மாறிய நேரத்தில் எண்ணப்படவில்லை’ங்கிற வரியை நீ அழிக்கப் பாத்தப்ப நான் விடலை. அது உனக்குக் கொஞ்சம் உறுத்தும். எண்ணச் சொல்ல வேண்டியது நீ. உறுத்தட்டும்.

அதோட நீ கைப்பணத்தைப் போட்டு நேர் பண்ணவும் நினைச்ச. “450 தானே தாத்தா, நானே போட்டுடட்டுமா?” போடாத. இன்னைக்கு நீ போட்டா, நாளைக்கு உண்மையிலயே 35,000-ல ஒரு 500 கூடக் கிடந்தா, அது யாரு பணம்? நேரா இருக்குற கணக்குக்குள்ள தேட ஆளு வராது. இதுக்கு எதிர்ப்புறமும் ஒண்ணு இருக்கு. கல்லாவுல 10, 20 கூடும்போது அதைத் தனியா ஒரு டப்பாவுல போட்டு வச்சு, குறையும்போது அதுல இருந்து எடுத்து ஈடு கட்டுற பழக்கம் உங்க கடையில இருக்குன்னு நீயே முன்னாடி சொல்லியிருக்க. அந்த டப்பாவை முதல்ல ஒழி. ஒண்ணாம் நம்பர்ல கூடுன அந்த 2 ரூவாயையும் நேத்து எழுதச் சொன்னேன்ல? தினமும் எழுது. இன்னைக்கு 2 கூடுதல், நாளைக்கு 7 குறைவு, மறுநாளு நேர். அப்படித் தினமும் ஒரு தாளு போய்க்கிட்டே இருந்தா, ஒரு நாளு 450 குறைவுன்னு போகும்போது அது சாதாரணத் தாளா இருக்கும். குறையுற அன்னைக்கு மட்டும் தாளு போனா, அந்தத் தாளே ஆளைப் பிடிக்கக் கிளம்புன மாதிரி இருக்கும்.

இந்தா, அப்பத்தா வந்துட்டா. காப்பியை வாங்கு. என்னது? அஞ்சறைப் பெட்டியில வச்சிருந்த காசுல 20 ரூவா குறையுதா? எனக்கெப்படித் தெரியும்? என்ன சொல்லிட்டுப் போறா பாத்தியா? “இந்த வீட்டுல வெத்தலை போடுறவரு ஒருத்தர்தான் இருக்காரு, நான் யாரையும் சந்தேகப்படலை”யாம்.

சிரிக்காத தாயீ. பேனாவை எடு. ‘அஞ்சறைப் பெட்டி, காலைக் கணக்கு. 20 ரூபாய் குறைவு. காரணம் தெரியவில்லை’ன்னு எழுது. பெட்டி எத்தனை பேர் கையில இருந்துச்சுன்னா கேக்குற? நீயும் நேத்து ராத்திரியில இருந்து இந்த வீட்டுலதானே இருக்க. மூணு பேருன்னு எழுது.